வேறு என்ன விசேஷம்?

வீட்டிலிருந்தபடியே சிறு வியாபாரம் செய்யும் சகோதரிகள் நம் வாசகிகளில் பலர் இருக்கிறார்கள். சரக்குக் கொடுப்பவரோடும் வாங்குபவரோடும் டெலிபோனில் பேசும்போது, விலையும் கணக்கும் இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடுகின்றன. பிறகு, "வேறு என்ன விசேஷம்?" என்கிறீர்கள். "ஒன்றுமில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று பதில் வருகிறது. அதோடு பேச்சு நின்று போகிறது. நம்மிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். அவரவர் தொழிலைப் பற்றிய புதுச் செய்தி ஒன்று கையில் இருந்தால், பேச்சு தானே வளரும். அந்தச் செய்தியை எங்கே எடுப்பது, எப்படிப் பேச்சில் கொண்டு வருவது என்று இந்த வாரம் பார்ப்போமா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. அங்கே உப்பு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முக்கியமானவர்கள் மூன்று பேர். மரக்காணத்தில் உப்பளம் நடத்தும் அண்ணன் ஒருவர். கடலோரக் குப்பத்தில் கருவாடு போடும் அக்கா ஒருத்தி. புதுச்சேரியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர். எல்லாச் செய்தியும் இந்த மூவருக்கும் வேண்டியதில்லை. ஆகவே அவளும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

உப்பள அண்ணனுக்கு வானம்தான் செய்தி. அதற்குச் சென்னை வானிலை மையத்தின் அறிக்கை போதும். கடைக்காரருக்கும் அக்காவுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்புகள் பயன்படும். கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் மாதந்தோறும் ஒரு செய்தி மடல் வெளியிடுகிறது. அதில் பெரும்பகுதி இறாலும் ஏற்றுமதியும்தான். உள்ளூர்ச் சந்தைக்குக் கருவாடு போடும் அக்காவுக்கு அதில் அதிகம் கிடைக்காது. எதைப் படிக்காமல் விடலாம் என்று தெரிவதும் பாதி வேலைதான்!

இனி ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பக்கத்தை நான்காகக் கோடு போடுங்கள். முதலில் தேதி. அடுத்து செய்தி, ஒரே வரியில். மூன்றாவது, அது யாருக்கு வேண்டியது. நான்காவது, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இந்த நான்காவது கட்டம் காலியாக இருந்தால், அந்தச் செய்தியை விட்டுவிடுங்கள். அது உங்கள் பேச்சுக்கு உதவாது.

தேதி ஏன் முதலில் வருகிறது? 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் புயலைப் பாருங்கள். 28-ஆம் தேதி வந்த அறிவிப்பில், வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறாமலே கரையைக் கடக்கும் என்று சொன்னார்கள். மறுநாள் பிற்பகலில் அதுவே புயலாகிவிட்டது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

28-ஆம் தேதிச் செய்தியை மட்டும் படித்துவிட்டு, 29-ஆம் தேதி மாலை, "பயப்படாதீர்கள் அண்ணா, புயல் இல்லையாம்" என்று ஒருத்தி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுடைய பேச்சுக்கு அப்புறம் மதிப்பு இருக்குமா? வானிலை அறிக்கையில் தேதி மட்டுமல்ல, வெளியான நேரமும் இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டெலிபோனை எடுக்குமுன் புதிய அறிக்கை வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

செய்தியை அப்படியே ஒப்பிப்பதிலும் பயனில்லை. புயல் வருகிறது என்பது உப்பளக்காரருக்கு நம்மைவிட முன்பே தெரியும். செய்தியிலிருந்து பிறந்த கேள்வியைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். "குவியல்களுக்குக் கீற்றுப் போட்டு மூடியாயிற்றா, அண்ணா? எனக்கு வேண்டிய மூட்டைகளை இன்றைக்கே ஏற்றிவிட்டால் உங்களுக்கு அந்தக் கவலை குறையுமா?" என்று கேட்டால், அவருக்கும் உபகாரம், இவளுக்கும் மழைக்காலச் சரக்குக் கைக்கு வந்துவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு, "எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்பவர்கள் ஏராளம். அந்தக் கேள்வியை அவர் பத்துப் பேரிடம் கேட்டு அலுத்திருப்பார். "மேட்டில் இருந்த குவியல் தப்பியதா? வரப்பு எங்கே உடைந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து, பாத்தி மறுபடி எப்போது தயாராகும், உப்பு எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பதிலையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, "அந்தக் கிழக்கு வரப்பு கட்டியாயிற்றா, அண்ணா?" என்று ஆரம்பித்தால், பேச்சுக்கு வேறு பொருள் தேட வேண்டியதில்லை.

இனி அக்காவிடம் வருவோம். "அயோடின் சேர்க்காத உப்பை இனி விற்கவே கூடாதாம்" என்று அவ்வப்போது ஒரு வதந்தி கிளம்பும். கருவாட்டுக்கு அளத்திலிருந்து வரும் கல் உப்பையே போடும் அக்காவுக்கு இதைக் கேட்டதும் பகீரென்கும். நம் சகோதரி அதைக் கேட்டவுடன் டெலிபோனை எடுக்கவில்லை. முதலில் விதியைத் தேடிப் பார்க்கிறாள். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில், மனிதர் நேரடியாக உண்பதற்கென்று அயோடின் சேர்க்காத உப்பை விற்கத்தான் தடை இருக்கிறது. பதப்படுத்துவதற்கும், கால்நடைக்கும், தொழிற்சாலைக்கும் விற்கலாம்; எதற்கான உப்பு என்பதை மூட்டையின் மேல் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

பிறகு அக்காவைக் கூப்பிடுகிறாள். "வதந்தி காதில் விழுந்ததா, அக்கா? கருவாட்டுக்குத் தடை இல்லை. உங்களுக்கு வரும் மூட்டையில் 'பதப்படுத்துவதற்கு' என்று எழுதியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்." எவ்வளவு நிம்மதி, பாருங்கள்!

அதே விதி கடைக்காரரிடம் வேறு கேள்வியாகிறது. கடையில் விற்கும் சமையல் உப்பில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் அயோடின் குறையும். "மழைக்காலத்தில் உப்புப் பாக்கெட்டுகளைத் தரையில் வைக்கிறீர்களா, பலகை மேலா?" என்று கேட்டால், அவர் தம் கிடங்கைப் பற்றியே பத்து நிமிஷம் பேசுவார்.

ஆணையத்தின் அறிவிப்புகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'வரைவு' என்று போட்டிருந்தால், அது பொதுமக்களின் கருத்தைக் கேட்பதற்காக வெளியிட்டது. இன்னும் சட்டம் ஆகவில்லை. அதை முடிந்த விஷயமாகச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அச்சில் வந்த செய்தியை யாரிடமும் பேசலாம். அண்ணன் உங்களுக்குக் கொடுத்த விலையையோ, அக்காவின் கடன் கணக்கையோ மற்றவரிடம் சொல்லக் கூடாது. அது செய்தியல்ல, அவர்கள் உங்களை நம்பிச் சொன்னது. நோட்டில் அந்த வரிகளுக்கு இடமே கொடுக்காதீர்கள். வாய் தவறி வெளியே வருவதற்கும் வழி இராது.

இந்த வாரம் உங்கள் தொழிலில் முக்கியமான மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு செய்தி, ஒரு கேள்வி. காலைக் காப்பிக்குப் பிறகு பத்து நிமிஷம் இதற்குப் போதும்.