வெளியீட்டு மேடைக்கு முன் ஒரு தாள்

புதுச்சேரி அரசின் இந்து சமய நிறுவனங்கள் துறை ஆணையர் அவர்களுக்கு,

நான் இந்த ஊரில் பக்திப் பாடல்கள் எழுதுகிறவன். நம் கோயில்களில் விழாக்காலத்தில் ஐந்தாறு பாட்டு கொண்ட சிறு தொகுப்புகள் வெளியாகின்றன. அர்ச்சகர் தட்டில் வைத்து எடுத்துக் கொடுக்க, பெரியவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த மேடை ஏறும் முன் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள் என்று வேண்டவே இம்மடல்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்தபோது மணக்குள விநாயகர்மேல் நான்மணிமாலை பாடினார். அவர் மறைந்தபின் அவருடைய பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் போய்ச் சேர்ந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு தலையிட்டுப் பாரதி எழுத்துகளின் உரிமையைப் பெற வேண்டியிருந்தது. மகாகவிக்காக அரசு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒருமுறை கையில் தரும் மூவாயிரமோ ஐயாயிரமோதான். எனக்கு ஒரு தொகுப்பில் நேர்ந்ததும் அதுவே: “எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்” என்ற வரியின்கீழ்க் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், உறையில் பெயரைக் காணோம்.

அந்த வரி சட்டத்தின்முன் முழுதாகச் செல்லாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகளின்படி, திரைப்படம் சாராத ஒலிப்பதிவில் சேரும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், உரிமை வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் தகுதியை விட்டுக்கொடுக்க முடியாது. பாடகருக்கு 38ஏ பிரிவு ராயல்டியையும், 38பி பிரிவு தம் பெயர் சொல்லப்படும் உரிமையையும் தருகிறது. ஆனால் உறையில் என்ன அச்சிட வேண்டும் என்று சொல்லும் 52ஏ பிரிவு கேட்பது தயாரித்தவர், உரிமையாளர், வெளியான ஆண்டு ஆகிய மூன்றை மட்டுமே. கவிஞர் பெயர் உறையில் விட்டுப்போனால் இந்தப் பிரிவைக் காட்டித் தட்டிக்கேட்க முடிவதில்லை.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள். உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டு ஒலித்தால் அதற்கு அனுமதியோ கட்டணமோ வேண்டாம் என்று 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அது சரியான விலக்கு, நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. ஆக கோயில் ஒலிபெருக்கியிலிருந்து எங்களுக்குப் பணம் வராது. யூடியூபிலும் பாட்டுச் செயலிகளிலும்தான் வரும், அதுவும் இரண்டு வழியாக. ஒலிப்பதிவுக்கான பணம், பாட்டை ஏற்றியவர் கணக்கில் விழும். வரிக்கும் மெட்டுக்குமான பணம் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தின் வழியே வரும். உறுப்பினராகாதவருக்கும், ஏற்றும்போது பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டவருக்கும் அது வந்து சேராது.

பங்கை ஆல்பத்துக்கு மொத்தமாகப் போடாமல் பாட்டு வாரியாகப் போட வேண்டும் என்கிறேன். ஆறு பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை ஒருவர் பாடுகிறார், ஒன்றை ஓர் அம்மா பாடுகிறார். ஒலிப்பதிவு வருவாயில் செலவு செய்தவருக்கு 60, பாடகருக்கு 30, கோரஸ் பாடியவர்களுக்குச் சேர்த்து 10 விழுக்காடு என்று பேச்சு. ஓராண்டில் 12,000 ரூபாய் வந்து, அதில் 9,000 அந்த அம்மாவின் பாட்டால் வந்தது என்றால், பாட்டு வாரிக் கணக்கில் அவருக்கு 2,700. ஆல்பக் கணக்கில் பாடகர்களுக்கான 3,600ஐ ஆறாகப் பிரித்து அவர் கையில் வைப்பது 600! பாட்டு ஓடியது அவர் குரலால், பங்கு போனது வேறு பக்கம். விழுக்காட்டை அவரவர் பேசிக்கொள்ளட்டும், அலகு பாட்டாக இருக்கட்டும்.

ஆறாவது பாட்டு திருப்புகழாக இருந்தால் வரிக்கு யாரும் பங்கு கேட்க முடியாது. புது மெட்டுப் போட்டவர் மெட்டுக்கு மட்டும் கேட்கலாம். அருணகிரிநாதர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மெட்டுப் போட்டவர் தன் பெயரைப் போட்டுக்கொண்ட உறைகளையும் பார்த்திருக்கிறேன், மனம் நொந்தது.

ஆகவே ஒரே ஒரு தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரிசை: பாட்டின் முதல் அடி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள், பங்கு விழுக்காடு, செயலியில் ஏற்றுபவர் யார், ஆண்டுக்கொருமுறை கணக்கு காட்ட அவர் ஒப்புக்கொண்ட மாதம். எல்லோர் கையெழுத்தும் வேண்டும், கோரஸ் பாடிய பிள்ளைகள் சார்பில் பெற்றோர் கையெழுத்தும். ஒரு படி கோயில் அலுவலகத்தில் இருக்கட்டும். பிணக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல உங்கள் அலுவலர்களை அழைக்கமாட்டோம், அந்தப் படியைக் கேட்டு வருவோம். வெளியீட்டுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு இதையும் இணைக்கும்படி கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். வரும் விநாயகர் சதுர்த்திக்கு முன் அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புதுவையில் பக்திப் பாடல் எழுதும் ஒருவன்