1.20 என்ற வேலி

"மத்திய வங்கியே காவல் நிற்கிறது, நட்டம் வராது" என்று பணமாற்றில் இறங்குவோருக்காக நாம் இதை எழுதுகிறோம்.

ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டெம்பரில் அறிவித்தது. பிராங்கின் மதிப்பு ஏறினால் ஏற்றுமதி படுத்துவிடும் என்ற பயம். தன் பிராங்கைத் தானே உண்டாக்கி யூரோவை வாங்கிக் குவித்தது.

இனி இறங்க இடமில்லையே என்று பலர் யூரோ வாங்கினர். ஒருவர் 2,000 பிராங்கை ஈடாகக் கட்டி, மிகுதிக்குத் தரகரின் கடனில், 1.2010 விலைக்கு 50,000 யூரோ வாங்கினார் என வைப்போம். 1.1950 ஆனால் விற்றுவிடும்படி முன்கட்டளையும் கொடுத்தார். போனால் 300 பிராங்க் என்பது அவர் கணக்கு.

2015 சனவரி 15 காலை வங்கி திடீரெனக் கைவிட்டது. யூரோ சரிந்துகொண்டிருந்ததால் வாங்குவதற்கு முடிவே தெரியவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்றதால் விற்கத்தான் ஆட்கள், வாங்க ஆளில்லை. முன்கட்டளை, கேட்ட விலைக்கு உத்தரவாதம் அல்ல. அடுத்துக் கிடைக்கும் விலைக்கே விற்கும். அது 1.00 என்றால் நட்டம் 10,050 பிராங்க். ஈடு போக 8,050 கடன்! அன்று சில தரகு நிறுவனங்களே முறிந்தன.

மூன்று நாட்களுக்கு முன்புகூட வங்கியின் துணைத் தலைவர், இந்த எல்லை தொடரும் என்றே பேசியிருந்தார்.