தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் காற்று

பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரையடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் அழைப்பது, சோபாவையோ சமையலறைச் சிம்னியையோ துடைக்க ஆள் அழைப்பதைப் போல எளிதாகிவிட்டது. கொள்ளளவைச் சொன்னால் கட்டணம் தெரிந்துவிடும். அதற்குள் ஒருவர் இறங்கப்போகிறார் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'ஆபத்தான துப்புரவு' என்பதைச் சாக்கடையோடும் மலத்தொட்டியோடும் இணைத்தே வரையறுக்கிறது. சாதியால் சுமத்தப்பட்ட ஓர் இழிவை ஒழிக்க வந்த சட்டத்துக்கு அந்த வரையறை பொருத்தமானதே. ஆனால் அதையே ஆபத்தின் முழு எல்லையாகக் கருதும்போது, குடிநீர்த் தொட்டி தூய்மையானது, ஆகவே பாதுகாப்பானது என்ற பிழையான முடிவு பிறக்கிறது. தொட்டிக்குள் ஆளைக் கொல்வது அழுக்கு அன்று, காற்று.

20,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆழம் எட்டு அடி. ஆள் நுழையும் வாய் இரண்டடிச் சதுரம். வேறு திறப்பு இல்லை. வெளிக்காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. மூடிக் கிடக்கும் தொட்டியில் இரும்பு துருப்பிடிப்பதும், அடிவண்டல் அழுகுவதும் அதை மெல்லக் குறைக்கின்றன. 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. வேலை தொடங்கிய பின் வேறு ஆபத்துகள் சேர்கின்றன. கறை போக ஆசிட் ஊற்றி, பின்னர் பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரின் வாயு எழும்; அது காற்றைவிடக் கனமானதால், குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகே தங்கும். பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளேயோ வாயருகிலோ வைத்தால் கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது.

எனவே வாயு அளவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். ஊதுவிசிறி வேலை முடியும்வரை ஓட வேண்டும். இறங்குபவரின் இடுப்பையும் தோளையும் சுற்றிய பட்டையிலிருந்து வரும் கயிறு, மேலே முக்காலிச் சட்டத்தில் மாட்டியிருக்க வேண்டும். காவலுக்கு நிற்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்கலாகாது. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே மடிவது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நிகழ்வது.

குடியிருப்போர் சங்கங்கள் விலைப்புள்ளி கேட்கும்போது லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. வாயு அளவி உண்டா, மேலிருந்தே தூக்க வழியுண்டா என்னும் இரண்டு கேள்விகளுக்கு 'இல்லை' என்பது விடையானால், மலிவான அந்த விலையின் மீதியைச் செலுத்துபவர் இறங்குகிற தொழிலாளியே.