மூன்று விலைகளும் மெய்யான விலைகளா?



நிக்காஹ் நடக்கவிருக்கும் வீட்டுக்கு வண்ணம் பூச ஒப்பந்தக்காரரை அழைத்தால், அவர் இப்போதெல்லாம் ஒரே விலை சொல்வதில்லை. நல்லது, அதைவிட நல்லது, மிகச் சிறந்தது என மூன்று விலைகளை எழுதித் தருகிறார். இதுவே ஒரு தந்திரம், முஸ்லிம் வியாபாரி ஒரே விலைதான் சொல்ல வேண்டும் என்று சிலர் கண்டிக்கின்றனர். அக்கருத்தை நாம் ஏற்கவில்லை. ஒரே விலை சொல்பவர் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்னும் இரண்டு வழிகளையே விடுகிறார். மூன்று விலை சொல்பவரோ, வீட்டுக்காரர் தம் கையிருப்புக்கேற்பத் தேர்ந்துகொள்ள இடமளிக்கிறார். நாம் கண்டிப்பது வேறொன்றை: தேர்வு போல வேடமிட்டு வரும் நெருக்கடியை.

2000 சதுர அடிச் சுவரை உதாரணமாகக் கொள்வோம். பழைய வண்ணம் உறுதியாக இருக்கிறது. ஒரு சுவரில் மட்டும் ஈரக்கசிவு. நேர்மையான முதல் நிலை இப்படி இருக்கும்: பெயர்ந்த இடங்களைச் சுரண்டி, அங்கு மட்டும் பட்டி வைத்து, ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் சாதாரண எமல்ஷனும் அடிப்பது. சதுர அடிக்கு 16 ரூபாய் எனில் 32,000. இரண்டாம் நிலையில் அதே வேலைதான்; ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் கறை போகும் எமல்ஷன். 21 ரூபாய் வீதம் 42,000. மூன்றாம் நிலையில் சுவர் முழுவதும் இரண்டு கோட் பட்டி, தேய்ப்பு, உயர்தர எமல்ஷன். 34 ரூபாய் வீதம் 68,000. ஒவ்வொரு விலை உயர்வுக்கும் பின்னால் கண்ணால் காணக்கூடிய பொருளோ உழைப்போ இருக்கிறது.

இதே தாளைக் கெடுப்பதும் எளிது. முதல் நிலையில் பிரைமரை நீக்கிவிடுவர். இரண்டாம் நிலையை 64,000 என ஏற்றுவர். ‘இன்னும் 4,000 போட்டால் மிகச் சிறந்ததே கிடைக்குமே’ என்று வீட்டுக்காரரே சொல்லிக்கொள்வார். நடுவிலை விற்பதற்காக எழுதப்பட்டதன்று. மேல்விலையை மலிவாகக் காட்ட எழுதப்பட்டது. ‘பெரும்பாலோர் தேர்வு’ என்று அதன் மேல் பொய்யாக எழுதுவதும் உண்டு. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை இழுக்கும் நஜ்ஷ் என்னும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இல்லாத கூட்டத்தைக் காட்டி விற்பதிலும் அதன் சாயல் இருக்கிறது.

அதனினும் பெரிய குற்றம் ஈரச்சுவரில் நிகழ்கிறது. கசிவை அடைத்து, சுவரை உலர்த்தாமல் எந்த வண்ணத்தை அடித்தாலும் அது உப்புப் பூத்து உரியும். ஆகவே அந்தச் சீரமைப்பு மூன்று நிலைகளுக்கும் பொதுவான தனிச் செலவாக எழுதப்பட வேண்டும். அதை ‘மிகச் சிறந்தது’ என்பதற்குள் மட்டும் ஒளித்துவைத்து, மலிவானதைத் தேர்ந்தவரிடம் சொல்லாமல் விடுவது வஞ்சனை. தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்த பகுதியை மக்கள் காணுமாறு ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்டார்கள் அல்லவா? சுவரின் ஈரமும் தாளின் மேற்பகுதியில் தெரிய வேண்டும்.

‘நேர்மை பார்த்தால் எல்லோரும் மலிவானதையே கேட்பார்கள்’ என்று நம் இளைஞர்கள் வாதிடலாம். அப்படிக் கேட்டால்தான் என்ன? முதல் நிலையிலும் கூலியும் நியாயமான இலாபமும் கிடைக்குமாறு விலை வைத்தால் இழப்பேது? செய்ய விரும்பாத வேலையைத் தாளில் எழுதாதீர்கள். எழுதினால், முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல். ‘எங்கள் வீட்டுக்கு முதல் நிலை எந்த அறைக்குப் போதும்?’ என்று கேளுங்கள். நேர்மையாளர், ‘படுக்கையறைக்குப் போதும், பிள்ளைகள் கை வைக்கும் கூடத்துக்கு இரண்டாவது நல்லது’ என்பதுபோல் பிரித்துச் சொல்வார். எந்த அறைக்கும் போதாது என்பாராயின், அதை ஏன் எழுதினார் என்று கேளுங்கள். ‘இன்றே சொன்னால்தான் இந்த விலை’ என்றால், காரணத்தையும் கேளுங்கள். பொருள் விலை மாறும் என்பதால் 15 நாள் தவணை வைப்பது நியாயம். மாலைக்குள் என்பது மிரட்டல்.

முடிவாக ஒன்று. ஒரு வியாபாரத்தில் இரண்டு வியாபாரங்கள் கூடாது என்னும் நபிமொழி திர்மிதீயில் உள்ளது. ரொக்கத்துக்கு ஒரு விலையும் கடனுக்கு ஒரு விலையும் சொல்லி, எதுவென முடிவுசெய்யாமல் பிரிவதே அது என்று அறிஞர் சிலர் விளக்கினர். ஒன்றை உறுதிசெய்துவிட்டுப் பிரிந்தால் குற்றமில்லை என்றனர். ஆகவே மூன்று விலை சொல்லலாம். வாளியைத் திறக்குமுன் ஒன்றை வட்டமிட்டு இருவரும் கையொப்பமிடுங்கள். வேலை முடிந்தபின் ‘நீங்கள் கேட்டது மூன்றாவது’ என்னும் சச்சரவு எழாது.

உண்மை பேசி, குறையையும் வெளிப்படுத்தும் இருவரின் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.