டேட்டாபேஸை அழிக்கும் முன் ஒரு கேள்வி

சித்தூரில் என் மாமாவுக்கு ஒரு சின்ன மாம்பழக் கூழ் ஃபேக்டரி. தோட்டங்களில் இருந்து டிராக்டரில் வரும் தோத்தாபுரியை எடை போட்டு, சீட்டு கொடுத்து, விவசாயிக்குப் பணம் தரும் கணக்கு எல்லாம் நான் சில வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்தே எழுதிக் கொடுத்த ஒரு சின்ன புரோகிராமில்தான் ஓடிக் கொண்டிருந்தது. பின்னால் இருந்தது அமேசானின் மும்பை ரீஜியனில் ஒரு RDS மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். பில் என் கிரெடிட் கார்டில்.

2025 சீசன் முடிந்ததும் புது எடை மேடை வாங்கினார்கள். அதோடு கணக்கு மென்பொருளும் சேர்ந்தே வந்துவிட்டது. மாமா போன் பண்ணினார். "மாப்ளே, இனிமே உன்னுது வேணாம். எதுக்குச் சும்மா டாலர் அழுவுறே, அழிச்சுடு."

முதலில் அழிக்காமல் நிறுத்தி மட்டும் வைத்தேன். அதுதான் என் முதல் தப்பு. நிறுத்தி வைத்த RDS ஏழு நாள் கழித்துத் தானே எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். இது தெரிந்திருந்தும் மறந்துபோய் அடுத்த மாசமும் முழு பில் கட்டினேன். யாரையும் குறை சொல்ல முடியாது, சாட்சாத் அடியேன் வேலைதான் :-)

சரி, அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், அழிப்புப் பாதுகாப்பை எடுத்த பிறகு திரை இரண்டு கேள்வி கேட்கிறது. கடைசி ஸ்னாப்ஷாட் வேண்டுமா? தானியங்கி பேக்கப்புகளை வைத்துக் கொள்ளவா? கடைசியில் 'delete me' என்று டைப் அடிக்கச் சொல்கிறது. நம்மில் பலர் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறோம். காசு மிச்சம் என்று ஸ்னாப்ஷாட்டை வேண்டாம் என்கிறோம். அல்லது எடுத்துவிட்டு, 'அதான் இருக்கே' என்று நிம்மதியாக வருஷக்கணக்கில் மறந்துவிடுகிறோம். இரண்டாவது தப்பு முதலாவதைவிடச் சின்னது, ஆனால் அதுவும் தப்புதான்.

ஏன் என்று சொல்கிறேன்.

அந்த இரண்டு கேள்வியும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. தானியங்கி பேக்கப்புகளை வைத்துக் கொண்டாலும் நாம் முன்பு குறித்த கெடு முடிந்ததும் அவை போய்விடும். அதிகபட்சக் கெடுவே 35 நாள்தான். கடைசி ஸ்னாப்ஷாட் அப்படி இல்லை. நாமாக அழிக்கும் வரை இருக்கும், இருக்கும் வரை பில்லும் வரும். முதலாவதை மட்டும் டிக் அடித்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று நம்பினால், இரண்டாம் மாசம் தேடும்போது ஒன்றும் இருக்காது.

மாமா அழிக்கச் சொன்ன நேரத்தைப் பாருங்கள். 2025இல் தோத்தாபுரி விலை படுத்துவிட்டது. அரசு தலையிட்டு, ஃபேக்டரிகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக 12 ரூபாய் என்று அறிவித்தது. பல இடத்தில் பாக்கி பற்றிப் புகார் எழுந்தது. மாமாவிடமும் சில பாக்கி நின்றது. யார் எத்தனை கிலோ கொண்டு வந்தார் என்பதற்கு ஆதாரம் அந்த டேட்டாபேஸ். இப்படிப்பட்ட நேரத்தில் 'எல்லாம் புது மெஷினில் ஏத்தியாச்சு' என்ற வாய்ச்சொல்லை நம்பி அழிக்க எனக்குத் துணிவில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்தேன். பெயரிலேயே அதன் சாவுத் தேதியையும் எழுதினேன்.

```
aws rds delete-db-instance \
  --db-instance-identifier mampazham-db \
  --final-db-snapshot-identifier \
    mampazham-final-delete-after-2026-01-31
```

ஆனால் அழிக்கும் முன் இன்னொன்று செய்தேன். ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து வேறொரு பெயரில் புதிதாக டேட்டாபேஸை எழுப்பிப் பார்த்தேன். சீட்டுகளின் எண்ணிக்கை, மொத்த கிலோ, இந்த இரண்டும் பழையதோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். எழுப்பிப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். தினமும் எடுப்பதாக நினைத்த பேக்கப், பதிப்புப் பொருந்தாமல் எடுக்கப்படாமலே இருந்தது அன்றுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

சரி, ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, அப்படியே வைத்துக்கொள்ளலாமே? கூடாது என்பது என் கட்சி.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டுக் கணக்குத் தாக்கல் கெடுவில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26 கணக்கின் கெடு 2026 டிசம்பர் 31. ஆக 2032 டிசம்பர் வரை. அத்தனை வருஷத்துக்கு ஸ்னாப்ஷாட் தாங்காது. அதை டவுன்லோடு பண்ணிப் பென்டிரைவில் போட முடியாது. நாளை மாமா யாரையாவது ஆடிட்டரை வைத்துப் பார்க்க வேண்டுமானால் அமேசானுக்குள்ளேயே ஒரு டேட்டாபேஸை எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் மைஎஸ்க்யூஎல் பதிப்பு பழசாகிவிட்டால் கூடுதல் ஆதரவுக் கட்டணமும் சேரும். சொந்தமாக வைத்த குறியாக்கச் சாவியை அழித்துவிட்டால் ஸ்னாப்ஷாட் இருந்தும் பயனில்லை. கணக்கையே மூடினால் 90 நாளில் எல்லாம் போய்விடும். பில் கட்டுகிறவன் நான், நான் ஒரு நாள் மூடித்தான் ஆக வேண்டும்.

அதனால் நீண்ட காலத்துக்கு வேண்டியதை வேறு வடிவில் எடுத்தேன். டேட்டாபேஸ் 40 ஜிபி. பார்த்தால் பெரும்பகுதி யார் எப்போது லாகின் செய்தார் என்ற பதிவுதான். விவசாயிகள், சீட்டுகள், பணம் என்ற மூன்று அட்டவணையை மட்டும் mysqldump போட்டுச் சுருக்கினால் 300 எம்பிகூட வரவில்லை. எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வியும் ஒன்று எடுத்தேன். 40 ஜிபி ஸ்னாப்ஷாட்டுக்கு ஜிபிக்குச் சுமார் பத்து சென்ட் என்றால் மாசம் 4 டாலர். 72 மாசத்துக்கு 288 டாலர். 300 எம்பி கோப்புக்கு மாசம் ஒரு சென்ட்கூட ஆகாது. ஆதார், வங்கிக் கணக்கு எண் உள்ள தேவையில்லாத நகல்களும் குறைகின்றன. மாமாவிடம் ஒன்று, திருப்பதியில் உள்ள அவர் ஆடிட்டரிடம் ஒன்று, கடவுச்சொல் போட்டு.

கூடவே அரைப் பக்கம் விளக்கம் எழுதி வைத்தேன். உதாரணமாக, சந்திரகிரிக்காரர் ஒருவரின் பழைய சீட்டில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கும், புதுச் சீட்டில் திருப்பதி மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டம் பிரிந்ததை அறியாமல் பார்ப்பவர் இரண்டும் வேறு ஆள் என்று நினைப்பார்.

நவம்பரில் பங்காருபாளையத்தில் இருந்து ஒரு பெரியவர் மாமாவைத் தேடி வந்தார். 3,200 கிலோ லோடு ஒன்றுக்குப் பணம் வரவில்லை என்றார், சீட்டும் தொலைந்துவிட்டது. புது மென்பொருளில் அந்த லோடே இல்லை, ஏற்றும்போது விட்டுப்போயிருக்கிறது. சிஎஸ்வியில் பெயரைத் தேடியதும் கிடைத்தது, பணம் கொடுத்த வரி மட்டும் காணோம். 25,600 ரூபாய். மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். "நல்லவேளை, நீ நான் சொன்னதைக் கேக்கல" என்றார் போனில்.

ஜனவரி 31 தாண்டியது. ஆடிட்டரும் தன் கோப்புகளைத் திறந்து பார்த்துச் சரி என்றார். அன்றே ஸ்னாப்ஷாட்டை அழித்தேன். இந்த முறை கை நடுங்கவில்லை.