வெயிலில் காட்டாத கைக்கு வந்த கடுகுக் கொப்புளம்

பொங்கலுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சாத்தினால், ஊரே பஸ்ஸிலும் வேனிலும் ஏறிவிடும் என்பது இந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அண்ணன் வீட்டாரும் இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் ராமேஸ்வரம் கிளம்பினார்கள். அண்ணன் மகளுக்கு அப்போது வயசு இருபத்து மூன்று. கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்கு டேபிளில் நின்றால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டிய பிறகுதான் வீடு. நாள் பூராவும் டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து, ஓட்டை, ஆயில் கறை பார்க்கிற வேலை. வெயில் என்பது காலையில் கம்பெனி வண்டிக்கு நடக்கிற பத்து நிமிஷம் மட்டும். அதுவும் முழுக்கைச் சுடிதார், மேலே ஷால்.

தனுஷ்கோடிக்குப் போன அன்று அரைக்கை டாப்ஸ், கொஞ்சம் அகலக் கழுத்து. அரிச்சல்முனையில் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மணலில் ஆட்டம். கடல் காற்று ஜிலுஜிலு என்று அடித்ததால் வெயில் உறைக்கவே இல்லையாம். காற்று உடம்பைக் குளிர வைக்குமே ஒழிய வெயிலின் கதிரைத் தடுக்காது. போதாததற்கு வெளிர் மணலும் அலையின் நுரையும் கதிரைத் திருப்பி நம் மேலேயே வீசும்.

சாயந்தரம் ஐந்து மணிக்குக் கை குறுகுறு என்றது. ராத்திரி தூக்கம் இல்லாத அரிப்பு. விடிந்து பார்த்தால் இரண்டு கையின் வெளிப்பக்கமும், கழுத்துக்குக் கீழே நெஞ்சிலும் கடுகு கடுகாகப் பொரிந்திருந்தது. அண்ணி, "மீன் ஒத்துக்கல" என்றாள். அண்ணன், மணலில் ஏதோ பூச்சி என்றார். லாட்ஜில் பக்கத்து ரூம் அம்மாள் வேர்க்குரு என்று பவுடர் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு மறுநாளும் அதே வெயிலில் கோயில் தீர்த்தம், கடைத்தெரு என்று சுற்றினாள். பொரிந்தது இரட்டிப்பு ஆயிற்று.

ஊருக்கு வந்ததும் நேரே என்னிடம் வந்து, "ஏனுங்கத்தை, இது ஒட்டுவாரொட்டிங்களா? கம்பெனியில பக்கத்துல நிக்க விடுவாங்களா?" என்று கண் கலங்கினாள். அந்தப் பயம்தான் அரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. கையைப் பார்த்தேன். வாட்ச் கட்டியிருந்த இடம் சுத்தமாக இருந்தது. தோள் பை வார் கிடந்த கோடும் சுத்தம். டாப்ஸ் மறைத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. மீன் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாட்ச் இருக்கிற இடம் பார்த்தா விட்டுவிடும்? வேர்க்குருவானால் வேர்த்துப் புழுங்குகிற, துணி மூடிய இடத்தில்தானே முதலில் வரும்? இது நேர் எதிராக இருந்தது.

தோல் டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்டார். "வெயிலில் நின்ற எத்தனை மணி நேரம் கழித்து வந்தது? முகத்தில் வந்ததா?" முகத்தில் வரவில்லை. தினம் அந்தப் பத்து நிமிஷ வெயில் முகத்துக்குப் படுகிறது, அதனால் அது பழகிவிட்டது. வருஷம் பூராவும் மூடிவைத்த கைக்கும் நெஞ்சுக்கும் பழக்கம் இல்லை என்றார். இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் பாலிமார்ஃபிக் லைட் எரப்ஷன். ஒருத்திக்குக் கடுகாக வரும், இன்னொருத்திக்குத் தடிப்பாகவோ நீர்க்கொப்புளமாகவோ வரும் என்பதால் 'பல உருவம்' என்று பெயர். நம் மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் பொடிப்பொடியாகவும், சிலருக்கு வெளுத்த திட்டாகவும் தெரியுமாம். இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

வெயிலின் கதிர் தோலில் ஏதோ ஒரு பொருளை மாற்றிவிடுகிறது; உடம்பின் காவல் படை அதை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. அந்தப் படை கூடி வர நேரம் பிடிக்கும். அதனால்தான் வெயிலில் நிற்கும்போது ஒன்றுமில்லாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிளம்புகிறது. கிருமி இல்லாததால் யாருக்கும் ஒட்டாது.

வைத்தியம் பெரிதாக இல்லை. ஒரு வாரம் வெயிலில் காட்டாமல் இருப்பது, ஈரத் துணி ஒற்றுவது, கேலமைன் லோஷன், ராத்திரி அரிப்புக்கு டாக்டர் தந்த மாத்திரை, சில நாளுக்கு மட்டும் ஒரு களிம்பு. ஆறாம் நாள் தழும்பில்லாமல் அமுங்கிவிட்டது. ஆனால் மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற 'அரிப்புக் களிம்பு' வேண்டாம். பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் அரசே கட்டுப்படுத்தியது. எலுமிச்சம்பழம் தேய்ப்பதும் கூடாது. அந்தச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் வெந்து கறுத்துப் போகும்.

ஒன்று மட்டும் கவனமாகப் பாருங்கள். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சேர்ந்தாற்போல் தடிப்பு, மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல், அல்லது வாரக்கணக்கில் தடிப்பு அமுங்காமலிருத்தல், இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு நோயாக, லூபஸாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். பிரஷர் மாத்திரை, பரு மாத்திரை சிலவும் வெயில் ஒவ்வாமை தரும். எனவே சாப்பிடுகிற மருந்தையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இது அடுத்த வருஷமும் வரக்கூடியது. அதனால் போன மார்கழியிலிருந்தே டாக்டர் யோசனைப்படி ஞாயிறு தவறாமல், மற்ற நாளில் முடிந்தபோது, காலை வெயிலில் கையை ஐந்து நிமிஷம் காட்ட ஆரம்பித்தாள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினாள். தோலுக்கு மெல்ல மெல்லப் பழக்கம் கொடுப்பது இது; அவசரப்பட்டு முதல் நாளே அரைமணி நின்றால் அதுவே பொரிப்பைக் கிளப்பும். அதோடு எஸ்.பி.எப். 30-க்கு மேல், 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்ட கிரீம். இந்தப் பொரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் யு.வி.ஏ. என்கிற கதிர். அது கண்ணாடி வழியாகக்கூட வரும். வேனில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்து வந்த பக்கத்துக் கையில்தான் அதிகம் இருந்தது, இப்போது யோசித்தால் புரிகிறது. கிரீமைப் பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவினால் பிரயோஜனமில்லை. தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும்.

துணி விஷயத்தில் அண்ணன்தான் ஆசான், முப்பது வருஷம் நிட்டிங்கில் இருந்தவர். "வெள்ளை சிங்கிள் ஜெர்ஸியை டியூப்லைட்டுக்கு நேரே இழுத்துப் பிடி, வெளிச்சம் தெரியுதா, அப்ப வெயிலும் உள்ள வரும்" என்றார். சரிதான். மெல்லிய பனியன் துணி இறுக்கமாக இழுபட்டால் கண்ணெல்லாம் விரிந்துவிடும். நனைந்தால் இன்னும் மோசம். கடலில் நனைந்த வெள்ளை பனியனோடு வெயிலில் நிற்பது பாதி வெறும் உடம்பாக நிற்பதுதான். அடர்த்தியான இன்டர்லாக், கொஞ்சம் தொளதொளப்பாக, அடர்ந்த நிறத்தில், முழுக்கை. செகண்ட்ஸ் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு கருநீலத்தில் ஒன்று எடுத்தாள்.

இந்தப் பொங்கலுக்குக் கன்னியாகுமரி போனார்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை ரூமிலேயே இருந்துவிட்டு, காலையும் மாலையும் மட்டும் கடற்கரை. கழுத்தடியில், கிரீம் விட்டுப்போன ஒரு ரூபாய் அகலத்தில் மட்டும் நாலைந்து பொரிந்திருந்தது. வந்ததும் அதைக் காட்டி, "இவ்வளவுதானுங்கத்தை" என்று சிரித்தாள். கிரீம் பூசும்போது தாலிக்கொடியை நகர்த்தாததால் விட்டுப்போன இடமாம் அது. கல்யாணம் ஆகி மூன்று மாசம்தானே ஆகிறது.