பெட்டியைப் பிரிக்காமல் போடும் கையெழுத்து

நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு வட்டாரக் கல்வி வளாகங்களுக்கு ஆய்வகச் சாமான்கள் வந்து இறங்கும். “சார், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, கடலூர் போகணும்” என்று டிரைவர் அவசரப்படுத்துவார். அவர் நீட்டும் டெலிவரி சலானில், ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து விழுகிறது. பெட்டியை யாரும் பிரிப்பதில்லை.

ஒரு கல்லூரி 24 ஆசிலோஸ்கோப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். சலானில் 6 பெட்டிகள், 24 கருவிகள், 48 புரோப்கள். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் 22 கருவிகள்தான் இருக்கின்றன. புரோப்கள் 44. சப்ளையரோ கையெழுத்திட்ட சலானைக் காட்டுகிறார். குறை வண்டியில் நேர்ந்ததா, நம் ஸ்டோரில் நேர்ந்ததா என்று இனி யார் நிரூபிப்பது?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 208ஆம் விதி, சரக்கு வந்ததும் எண்ணி, அளந்து அல்லது எடைபோட்டு, கண்ணால் சோதிக்கச் சொல்கிறது. பெற்றுக்கொண்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றியதாகச் சான்று தர வேண்டியவர் ஸ்டோர் பொறுப்பாளர். எண்ணாமல் தரும் சான்று பொய்ச் சான்றுதான், மார்ச் 31 நெருங்கினாலும். சப்ளையர் சிறுதொழில் நிறுவனமாக இருந்தால் இன்னொரு கெடுவும் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொண்டு பணத்துக்கான கெடு கணக்கிடப்படும். வாய்ச்சொல் ஆட்சேபம் செல்லாது.

டிரைவர் காத்திருக்க முடியாதென்றால் சலானிலேயே ‘6 பெட்டிகள் மட்டும் பெறப்பட்டன, பிரித்துச் சரிபார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடலாம். பிறகு இரண்டு பேர் சேர்ந்து பெட்டிகளைப் பிரித்து, வரிசை எண்களைக் குறித்து, முதலில் சலானோடும் அடுத்து ஆர்டரோடும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது ஒப்பீட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சலானும் சரக்கும் பொருந்தி, இரண்டுமே ஆர்டருக்குப் பொருந்தாத வேறு மாடலாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. ஆர்டர் எண், சலான் எண், ஏற்றுக்கொண்ட அளவு ஆகியவற்றையும் நிலுவை இல்லை என்பதையும் குறிப்பிட்டு, ஆர்டரை முடித்துவிடும்படி சப்ளையருக்கு எழுத வேண்டும். எழுதாமல் விட்ட ஆர்டரின் பேரில் அடுத்த ஆண்டு ஒரு வண்டி வந்து நிற்கலாம், ஒரே சரக்குக்கு இரண்டாவது பில்லும் வரலாம். குறை இருந்தாலோ அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. மீதி 2 கருவிகளும் 4 புரோப்களும் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அவை வேண்டாமென்றால், அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் கைக்கு வந்த பின்னரே ஆர்டரை முடிக்கலாம்.

பில்லைப் பாஸ் செய்யும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வரிசை எண் பட்டியல் இணைக்காத ஆய்வகக் கருவிப் பில்லை, மார்ச் 31 அன்றே வந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.